முதல் எடிட்டரை வைத்தபோது நான் சொதப்பிய இடங்கள்

பைக் ரிப்பேர் சேனல் நடத்துகிறேன். முதல் எடிட்டருக்கு நான் அனுப்பிய மொத்த பிரீஃபும் வாட்ஸ்அப்பில் ஒரே வரிதான்: "பேச்சு இல்லாத இடத்தையெல்லாம் வெட்டிடுங்க தம்பி, ஸ்பீடா இருக்கணும்." தம்பி சொன்னபடியே செய்தார். கார்புரேட்டர் டியூனிங் வீடியோவில் ஏர் ஸ்க்ரூவை மெதுவாகத் திருகிக்கொண்டே எஞ்சின் சத்தம் சீராகும் வரை காத்திருக்கும் பன்னிரண்டு விநாடி உண்டு, நான் வாயே திறக்க மாட்டேன், ஆனால் ஆட்கள் அந்த வீடியோவுக்கு வருவதே அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான். அது போயே போச்சு. அங்கே ஒரு 'உஷ்ஷ்' எஃபெக்ட் மட்டும் இருந்தது.

தப்பு அவருடையது இல்லை. எதை வெட்டணும் என்று சொன்ன நான், எதைத் தொடக்கூடாது என்று சொல்லவில்லை. இப்போது என் பிரீஃப் அரைப் பக்கம்தான்: இந்த வீடியோ யாருக்கு, எத்தனை நிமிஷத்துக்குள் முடியணும், தொடவே கூடாத இடங்கள் எந்த டைம்கோடில், ஏற்கெனவே வந்த என் வீடியோக்களில் எது மாதிரி வேண்டும், எது மாதிரி வேண்டவே வேண்டாம். கடைசி இரண்டும்தான் நிறைய வேலையை மிச்சப்படுத்துகின்றன. 'கொஞ்சம் நல்லா பண்ணுங்க' என்பதற்கு ஆளுக்கு ஓர் அர்த்தம் இருக்கும், ஒரு லிங்க்குக்கு அந்தக் குழப்பம் இல்லை.

அடுத்த தப்பு, போர்ட்ஃபோலியோவைப் பார்த்து மயங்கியது. அதில் இருப்பது நல்ல கேமராவில் எடுத்த கல்யாண வீடியோ, நான் தருவது போனில் எடுத்த, பக்கத்துப் பட்டறையில் கிரைண்டர் ஓடும் ஃபுட்டேஜ். அதனால் இரண்டாவது முறை, வெட்டாத பழைய ரா ஃபுட்டேஜிலிருந்து மிக மோசமான ஐந்து நிமிஷத்தை எடுத்து, வேலை கேட்டு வந்த மூன்று பேருக்கும் அதையே கொடுத்தேன், தலைக்கு 500 ரூபாய். சும்மா செய்யச் சொல்லாதீர்கள், நல்ல ஆள் அந்த இடத்திலேயே விலகிவிடுவார். வந்ததை முதலில் திரையைப் பார்க்காமல் ஹெட்ஃபோனில் கேட்டேன். ஒருவர் வார்த்தையின் கடைசி எழுத்தையே கடித்து வெட்டியிருந்தார், ஒருவருடைய பாட்டு என் குரலை மூழ்கடித்தது. மூன்றாமவர் வேலை சாதாரணம்தான், ஆனால் "2:10-ல் நீங்க சொன்ன ஸ்பேனர் சைஸும் கையில் இருக்கிறதும் வேறயா இருக்கே அண்ணா" என்று கேட்டிருந்தார். அவரையே வைத்துக்கொண்டேன். (வாட்ஸ்அப்பில் வீடியோவாக வந்ததை வைத்து படத்தின் தரத்தை எடை போடாதீர்கள், அது கம்ப்ரெஸ் ஆகி மங்கித்தான் வரும். டிரைவில் போடச் சொல்லுங்கள்.)

தம்ப்நெயிலுக்கு வைக்கும் டெஸ்ட் வேறு. தமிழ் தட்டச்சுதான் அங்கே முதல் பரீட்சை. 'கொதிக்குது' என்று எழுதச் சொல்லுங்கள். போட்டோஷாப்பில் World-Ready Layout தேர்வு செய்யாவிட்டால் சில நேரம் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக உடையும், அதைக் கவனிக்காமல் அனுப்புகிறவர் நாளைக்கு எழுத்துப் பிழையையும் கவனிக்க மாட்டார். யூனிகோட் அல்லாத பழைய ஃபான்ட்டில் செய்து தந்தால், பிறகு வேறொருவர் அந்த ஃபைலைத் திறந்து ஒரு எழுத்து மாற்றுவதுகூடப் பெரும்பாடு. 1280 x 720-ல் வரும் படத்தை முழுத்திரையில் பார்த்து ஓகே சொல்லாமல், போனில் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். கீழே வலது மூலையில் யூடியூப் நேரத்தைக் காட்டும் கறுப்புப் பட்டை வரும், அங்கே வைத்த எழுத்து காலி. தமிழில் 'கார்புரேட்டர்' என்ற ஒரு சொல்லே பாதி அகலத்தைத் தின்றுவிடும், மூன்று சொல்லுக்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

இனி காசு. வீடியோவுக்கு 1,500 என்று பேசியிருந்தோம். முதல் வீடியோவுக்கு 40 நிமிஷ ரா கொடுத்தேன், நான்காவதுக்கு இரண்டு மணி நேரம், ரேட் மட்டும் அதே. அந்த வீடியோ ஒரு வாரம் தாமதமாக வந்தது, வேலையிலும் அலுப்பு தெரிந்தது. ரா ஒரு மணி நேரம் வரை, திருத்தம் இரண்டு முறை, அதற்கு மேல் போனால் இவ்வளவு என்று பிறகுதான் எழுதிக்கொண்டோம். ரேட்டைக் குறைத்துப் பேசுவதைவிட ராவைக் குறைப்பதுதான் நிஜமான மிச்சம். இப்போது சொதப்பிய டேக் முடிந்ததும் கேமரா முன் இரண்டு முறை கை தட்டுகிறேன், டைம்லைனில் அது ஊசி மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கும், அவர் கேட்டுத் தேட வேண்டியதில்லை. திருத்தங்களையும் ஒன்பது வாய்ஸ் நோட்டாக அனுப்பாமல், முழுசாகப் பார்த்து முடித்தபின் டைம்கோடோடு ஒரே மெசேஜில் அனுப்புகிறேன். முன்னே நான் அனுப்பிய ஆறாவது நோட் மூன்றாவதை ரத்து செய்யும், பாவம் அவர்.

ப்ராஜெக்ட் ஃபைலும் PSD-யும் யாருக்கு என்பதை முன்பணம் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள். நான் பேசவில்லை, முதல் ஆள் போனபோது இன்ட்ரோவைப் புதிதாகச் செய்ய மறுபடி 2,000 போனது. அப்புறம், அப்லோடு அவரே செய்யட்டும் என்று ஜிமெயில் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். யூடியூப் ஸ்டுடியோவில் Settings, அதில் Permissions போய் அவர் மெயிலைச் சேர்த்தால் போதும், ஆள் மாறினால் அங்கேயே எடுத்துவிடலாம்.