கம்பளி ஸ்வெட்டரின் டேக்: போட்டோவில் ஏமாற்றும் கோடுகள்

ஏற்காட்டில் இருக்கும் என் அக்கா போன டிசம்பரில் மகளின் கம்பளி ஸ்வெட்டர் டேக்கைப் படம் பிடித்து, எப்படித் துவைப்பது என்று கேட்டிருந்தார். ஒரு கட்டம், அதன் நடுவில் செங்குத்தாக ஒரு கோடு. கொடியில் தொங்கவிடலாம் என்று பதில் போட்டேன். மறுநாள் ஸ்வெட்டரின் கைகள் நான்கு விரல் நீண்டிருந்தன.

தவறு படத்தைப் படித்ததில்தான். டேக்கைப் பக்கவாட்டில் பிடித்து, அந்த ஒரு குறியை மட்டும் கிட்டத்தில் எடுத்திருந்தார். கட்டத்துக்குள் நிற்கும் கோடு என்றால் தொங்கவிடலாம். படுத்திருக்கும் கோடு என்றால் சமதரையில் பரப்பித்தான் காயவைக்க வேண்டும். படம் திரும்பினால் ஒன்று மற்றொன்றாகிவிடும். அதனால் குறிகளின் முழு வரிசையும் தெரியும்படி எடுக்கச் சொல்லுங்கள். தண்ணீர்த் தொட்டி போன்ற குறியின் திறந்த வாய் மேலே இருந்தால் படம் நேராக இருக்கிறது. ஈரக் கம்பளி நிறையத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். தொங்கினால் அந்த எடையே பின்னலை இழுத்துவிடும்.

அடுத்த தவறு, தொட்டிக்குக் கீழே இருக்கும் கோடுகளைக் கவனிக்காமல் விடுவது. டேக் மடிந்திருந்தால் அவை மறைந்துபோகும். ஒரு கோடு மென்மையாகவும் இரண்டு கோடு மிக மென்மையாகவும் துவைக்கச் சொல்கின்றன. அக்காவின் டேக்கில் 30, கீழே இரண்டு கோடு. கையால் துவைத்தாலும் கசக்காமல், முறுக்காமல் அமுக்கி எடுக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்ளலாம். கம்பளி இழையில் நுண்ணிய செதில்கள் உண்டு. சூடும் உராய்வும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கொக்கிபோல் மாட்டி, துணி சுருங்கித் தடித்துவிடும். அப்புறம் பழைய அளவுக்கு வராது.

அந்த 30 என்பது தண்ணீரின் அதிகபட்ச வெப்பம், செல்சியஸில். ஏற்காட்டில் கெய்சர் தண்ணீரை அளவில்லாமல் கலந்துவிடக் கூடாது. சேலத்தில் சித்திரை மதியம் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே 30-ஐத் தாண்டிவிடும். விடியற்காலையில் பிடித்து வையுங்கள். உடம்புச் சூடே 37 என்பதால், மணிக்கட்டில் ஊற்றினால் லேசாகக் குளிர வேண்டும். இதமாக வெதுவெதுத்தால் கூட சூடு அதிகம்தான். பவுடர் வேண்டாம், கம்பளிக்கென்றே விற்கும் திரவ சோப் போதும்.

முக்கோணத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். உள்ளே இரண்டு சாய்கோடு இருந்தால் குளோரின் இல்லாத பிளீச் மட்டும் ஆகும். பெருக்கல் குறி இருந்தால் எந்த பிளீச்சும் ஆகாது. மங்கலான படத்தில் இரண்டும் ஒரேமாதிரி தெரியும். சந்தேகம் என்றால் பிளீச்சைத் தொடவே வேண்டாம்.

நீண்ட கைகளுக்கு வழி இருந்தது. அக்கா ஸ்வெட்டரை மறுபடி குளிர்ந்த தண்ணீரில் நனைத்து, துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி, பழைய அளவுக்குக் கையால் ஒதுக்கி, காய்ந்த துண்டின் மேல் பரப்பினார். பனிமூட்டத்தில் காய இரண்டு நாள் ஆனது. நடுவில் ஒருமுறை திருப்பிப் போட்டு, துண்டையும் மாற்றினார். கைகள் முக்கால்வாசி பழைய நீளத்துக்கு வந்தன.