எஸ்ஐபியை மாற்றினால் விகிதம் மாறிவிடாது: ஐம்பதைக் கடந்தவர்கள் செய்யும் தவறுகள்

வயது கூடக்கூடப் பங்குகளின் அளவைக் குறைத்துக்கொண்டு வர வேண்டும் என்பதைத் தெரியாத முதலீட்டாளர் இன்று அரிது. ஆகவே அதை இங்கே விளக்கப்போவதில்லை. சந்தை ஏறும்போது பேராசைப்படாதீர்கள், விழும்போது பயந்து விற்காதீர்கள் என்பவற்றையும் விட்டுவிடுகிறேன். இந்த விஷயங்களை எல்லாம் சரியாகப் புரிந்துகொண்ட, கணக்குத் தெரிந்த மனிதர்கள் ஓய்வுக்குச் சில ஆண்டுகள் இருக்கும்போது செய்கிற ஒரு தவறைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வேண்டியிருக்கிறது. நானும் அதைச் செய்தவன்.

புதுப் பணத்தைத் திருப்பிவிட்டால் போதும் என்று நினைப்பது

அண்மையில் 54 வயதுக்காரர் ஒருவர் தம்முடைய கணக்கை எடுத்துக்கொண்டு வந்தார். பங்கு ஃபண்டுகளில் 80 லட்சம், பி.எஃப். மற்றும் வைப்புகளில் 20 லட்சம், ஆக மொத்தம் ஒரு கோடி. ஓய்வு பெறும்போது பங்கின் அளவு 60 சதவீதமாக இருக்க வேண்டும் என்று அவர் தீர்மானித்திருந்தார், அதில் எனக்கும் உடன்பாடுதான். அதற்காக என்ன செய்திருக்கிறீர்கள் என்று கேட்டதும், மாதம் 30,000 ரூபாய் எஸ்ஐபியைப் பங்கு ஃபண்டிலிருந்து நிறுத்திக் கடன் ஃபண்டுக்கு மாற்றிவிட்டதாகவும், இனி விகிதம் தானாகவே இறங்கிவிடும் என்றும் நிம்மதியாகச் சொன்னார்.

அது இறங்காது. பங்கு ஆண்டுக்கு 10 சதவீதமும் கடன் பகுதி 7 சதவீதமும் வளர்வதாக வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டில் பங்கு மட்டும் 8 லட்சம் கூடுகிறது. மறுபக்கத்தில் வட்டி 1.4 லட்சம், புதிதாகச் சேர்ந்தது 3.6 லட்சம், ஆக 5 லட்சம்தான் கூடுகிறது. ஆண்டின் முடிவில் பங்கு 88, மற்றவை 25, அதாவது பங்கின் அளவு ஏறக்குறைய 78 சதவீதம். இதே கணக்கை நான்கு ஆண்டுகளுக்கு நீட்டினால் அவருடைய 58ஆவது வயதில் பங்கு 73 சதவீதத்துக்குச் சற்று மேலே நிற்கும். சந்தை இதைவிட நன்றாக ஏறினால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் அவர் திருப்பிவிடும் சிறு தொகையைப் பங்கின் வளர்ச்சி மொத்தமாக விழுங்கிவிடும்.

இந்த வழியின் மீது நம்பிக்கை ஏற்படுவதற்குக் காரணம், ஒரு காலத்தில் அது உண்மையிலேயே வேலை செய்ததுதான். 30 வயதில் மொத்தச் சேமிப்பே 5 லட்சமாக இருந்து, அதில் 4 லட்சம் பங்கில் இருக்கும்போது, ஓராண்டின் 2.4 லட்சத்தைக் கடன் பக்கம் திருப்பினால், வளர்ச்சியைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும், 80 சதவீதம் 54 ஆகிவிடும். ஐம்பதைக் கடந்தபின் சேர்ந்திருப்பது மலை, சேர்ப்பது கூடை மண். ஓராண்டில் நீங்கள் சேமிக்கும் தொகை மொத்த முதலீட்டில் 5 சதவீதத்துக்கும் குறைவு என்றால், புதுப் பணத்தால் விகிதத்தைத் திருத்தும் காலம் முடிந்துவிட்டது என்று கொள்ளுங்கள். பழைய யூனிட்டுகளை விற்றுத்தான் ஆக வேண்டும்.

என் கதை 2016இல் தொடங்கியது. அப்போது எனக்கும் 54 வயது. எஸ்ஐபியை மாற்றிவிட்டுக் கடமை முடிந்ததென்று இருந்தேன். 50 சதவீதத்தை எட்ட நினைத்த பங்கின் அளவு 2020 ஜனவரியில் 74 சதவீதமாக இருந்தது. அந்த ஜனவரியின் உச்சத்திலிருந்து மார்ச் 23க்குள் நிஃப்டி சுமார் 38 சதவீதம் விழுந்தது. பாதிப் பணம் பங்கில் இருந்திருந்தால் மொத்தத்தில் 19 சதவீதம் போயிருக்கும், எனக்கோ 28 சதவீதம் போயிற்று. அவ்வாண்டு நவம்பரிலேயே சந்தை பழைய உச்சத்தைத் தாண்டியது என்பது உண்மைதான். ஆனால் நான் ஜூனில் ஓய்வு பெற்றேன், பாதியில் நின்ற வீட்டு வேலைக்கு அந்த மாதமே பணம் தேவைப்பட்டது, கடன் பக்கத்தில் போதிய தொகை இல்லாததால் விழுந்த விலையில் பங்கு யூனிட்டுகளை விற்றேன். விற்ற யூனிட்டுகளுக்கு நவம்பர் வந்தென்ன, வராவிட்டால் என்ன?

வரியைப் பார்த்து விற்காமல் இருப்பது

மேற்சொன்ன தவறின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. 2024 ஜூலை 23 முதல், ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கு ஃபண்டை விற்றால், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட ஆதாயத்துக்கு 12.5 சதவீத வரியும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் உண்டு. நம் 54 வயதுக்காரர் 20 லட்சத்தை இடம் மாற்ற வேண்டும். முதலில் வாங்கிய யூனிட்டுதான் முதலில் விற்றதாகக் கணக்கிடப்படும் என்பதால், அவர் விற்கும் தொகையில் ஆதாயத்தின் பங்கு, சராசரியாகப் பார்ப்பதைவிடக் கூடுதலாகவே இருக்கும். அதை 70 சதவீதம் என்று வைத்தால், ஆதாயம் 14 லட்சம், வரி 1,65,750 ரூபாய். பாதியை மார்ச்சிலும் பாதியை ஏப்ரலிலும் விற்றால் 1.25 லட்ச விலக்கு இரண்டு முறை கிடைத்து 16,250 ரூபாய் மிஞ்சும்.

இதற்காக ஐந்தாறு ஆண்டுகள் இழுக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். 2020இல் நடந்ததுபோல் ஒரு வீழ்ச்சி வந்தால் அந்த 20 லட்சத்தில் மட்டும் 7.6 லட்சம் குறையும், வரியோ ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேலேதான். அதுவும் என்றைக்காவது கட்ட வேண்டிய வரிதான்.

தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் பணம் இருப்பவர்கள் முதலில் அங்கே தொடங்கலாம். அதற்குள்ளேயே பங்கிலிருந்து அரசுப் பத்திரத்துக்கு மாற்றுவதற்கு வரி கிடையாது, ஒரு நிதியாண்டில் நான்கு முறை மாற்றலாம். ஆனால் ஒரே மியூச்சுவல் ஃபண்டு நிறுவனத்துக்குள் ஒரு திட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது விற்பனையாகவே கருதப்படும். "ஸ்விட்ச்தானே சார் செய்தேன், விற்கவில்லையே" என்று ஜூலையில் வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பி.எஃப்.பைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது

அதுவும் கடன் முதலீடுதான், சேருங்கள்.

குடியிருக்கும் வீட்டைச் சேர்ப்பது

சேர்க்காதீர்கள்.

நூறிலிருந்து வயதைக் கழிப்பது

இந்தச் சூத்திரத்தின்படி 58 வயதில் எல்லாருக்கும் 42 சதவீதம் பங்கு. பழைய ஓய்வூதியம் பெறப்போகும் அரசு ஊழியருக்கும், சேமிப்பை மட்டுமே நம்பியிருக்கும் தனியார் நிறுவன ஊழியருக்கும் இது பொருந்தாது. முன்னவருக்கு மாதந்தோறும் வருமானம் நிச்சயம் என்பதால் அவர் கூடுதலான பங்கைத் தாங்குவார். பின்னவருக்கு நான் பார்ப்பது, முதல் ஐந்து ஆண்டுச் செலவு பங்குக்கு வெளியே இருக்கிறதா என்பதைத்தான். ஆண்டுக்கு 6 லட்சம் எடுக்க வேண்டுமென்றால் 30 லட்சம் வைப்பிலோ கடன் ஃபண்டிலோ இருந்தாக வேண்டும். விலைவாசியும் முப்பது ஆண்டு வாழ்க்கையும் எஞ்சியிருப்பதால், பங்கை முற்றிலும் காலி செய்வதையும் நான் ஏற்பதில்லை.

பாதுகாப்பான பக்கத்தில் வட்டியைத் துரத்துவது

பங்கைக் குறைத்த பணத்தைக் கூடுதல் வட்டி தரும் கடன் ஃபண்டில் போட்டால், ஆபத்து பெயரை மாற்றிக்கொண்டு கூடவே வருகிறது. 2020 ஏப்ரலில் ஆறு கடன் ஃபண்டு திட்டங்கள் ஒரே நேரத்தில் நிறுத்தப்பட்டு, முதலீட்டாளர்கள் பணத்தை எடுக்க முடியாமல் காத்திருந்தது நினைவிருக்கலாம்.

அடிக்கடி சரிசெய்வது

ஆண்டுக்கு ஒரு முறை பாருங்கள், இலக்கிலிருந்து 5 சதவீதப் புள்ளிக்கு மேல் விலகியிருந்தால் மட்டும் கைவையுங்கள். நான் மார்ச் இரண்டாம் வாரத்தில் பார்க்கிறேன், விற்க வேண்டியது அதிகமானால் மீதியை ஏப்ரலுக்குத் தள்ளிவைக்க அதுதான் வசதி. அந்த 54 வயதுக்காரரும் இந்த மார்ச்சில் முதல் 10 லட்சத்தை விற்றார். எஸ்ஐபியை என்ன செய்வதென்று கேட்டார், கடன் ஃபண்டிலேயே இருக்கட்டும் என்றேன்.