வெபினார் வச்சு கணக்கு சாஃப்ட்வேர் விக்கறப்ப தவிர்க்க வேண்டிய தவறுகள் (எல்லாம் நான் பண்ணதுதான்)

போன வாரம் ஒரு தம்பி தன்னோட வெபினார் பிளானை அனுப்பி பாத்துச் சொல்லச் சொன்னாரு. சிங்கப்பூர்ல தேக்கா பக்கம் இருக்கற சின்னக் கடைக்காரங்களுக்கு அக்கவுண்டிங் சாஃப்ட்வேர் விக்கணும். ஸ்லைடு 40, ரிமைண்டர் 5, எல்லாம் பளபளன்னு இருந்துச்சு. சரி, முடிஞ்ச பிறகு என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். "எல்லாருக்கும் ஒரு தேங்க்யூ மெயில் போயிடும்ணே"ன்னாரு. எனக்கு பழைய வயித்தெரிச்சல் கிளம்பிடுச்சு. மைக் மியூட்ல கிடக்கறது, லிங்க் தப்பா போறதெல்லாம் விட்டுடறேன், அது தானா திருந்திடும்.

ஃபார்ம்ல உதவாத கேள்வி

பதவி என்ன, எத்தனை ஸ்டாஃப்னு கேட்டு வச்சுக்கிட்டு பிறகு ஒருத்தரும் அதைத் திறந்து பாக்கறதில்ல. மூணு கேள்வி போதும். இப்ப கணக்கு எதுல எழுதறீங்க, நோட்டா எக்செல்லா வேற சாஃப்ட்வேரா? ஜிஎஸ்டி பதிவு இருக்கா? இருந்தா உங்க காலாண்டு எந்த மாசத்தோட முடியுது? கடைசிக் கேள்வி எதுக்குன்னு கீழ சொல்றேன். வாட்ஸ்அப் நம்பர் வாங்கறீங்கன்னா, விளம்பர மெசேஜ் அனுப்ப சம்மதம்னு தனியா ஒரு டிக் வைங்க. விளம்பரம் வேணாம்னு நம்பரைப் பதிவு பண்ணவங்களுக்கு அனுப்பக் கூடாதுங்கற டூ நாட் கால் விதி வாட்ஸ்அப்புக்கும் உண்டு.

முழுக்க ஜிஎஸ்டி பேசறது

வருஷ வியாபாரம் ஒரு மில்லியன் வெள்ளி தாண்டாதவருக்கு பதிவே கட்டாயமில்ல, அவர் ஏன் அரை மணி நேரம் அதைக் கேக்கணும்?

எல்லாருக்கும் ஒரே ஃபாலோ-அப்

இதுதான் இன்னைக்கும் என்னை எரிச்சல் படுத்தற தவறு. என் ரெண்டாவது வெபினார்ல 143 பேர் பதிவு பண்ணாங்க, 52 பேர் வந்தாங்க. மூணு மணிக்கு ஆரம்பிச்சு 3:40-க்கு விலை சொன்னேன். அதுக்குப் பிறகும் 19 பேர் உக்காந்திருந்தாங்க. விலையைக் கேட்டுட்டும் கிளம்பாத கடைக்காரர் சும்மா உக்காரமாட்டார், கல்லாவை விட்டுட்டு வந்திருக்காரு. நான் என்ன பண்ணேன்? மூணு நாள் கழிச்சு 143 பேருக்கும் ஒரே மெயில், ரெக்கார்டிங் லிங்க், 20 சதவீதம் தள்ளுபடி. வித்தது ரெண்டு.

அந்த 19-ல ஒரு ஜவுளிக்கடைக்காரர் சாட்ல எழுதியிருந்தாரு: "அண்ணே, 600 ஐட்டம் இருக்கு, கடன் பாக்கி நோட்டுல இருக்கு, இதெல்லாம் யார் ஏத்தித் தருவா?" நான் பதிலே போடல. கொஞ்ச நாள் கழிச்சு கடையில பாத்தப்ப வேற சாஃப்ட்வேர் ஓடிட்டிருந்துச்சு, அதுவும் என்னோடதவிட விலை கூட. ஏன்னு கேட்டா, "அவங்க மறுநாளே லேப்டாப்போட வந்து உக்காந்துட்டாங்கண்ணே"ன்னு சிரிக்கறாரு. அவருக்கு தள்ளுபடி ஒரு பொருட்டே இல்ல, பழைய கணக்கு எப்படி உள்ள போகும்ங்கறதுதான் பயம்.

இப்ப வெபினார் முடிஞ்ச உடனே ஜூம்ல அட்டெண்டீ ரிப்போர்ட்டை இறக்கி `Leave Time` பாத்துப் பிரிக்கறேன். லைன் போய் திரும்ப வந்தவர் ரெண்டு மூணு வரிசைல வருவாரு, அவரோட கடைசி வரிசையைப் பாக்கணும், இல்லன்னா நல்ல ஆளை "சீக்கிரம் போனவர்" லிஸ்ட்ல தள்ளிடுவீங்க. விலைக்குப் பிறகும் இருந்தவங்களுக்கு அன்னைக்கு ராத்திரி கடை சாத்தறதுக்குள்ள போன். அதுல விலைப் பேச்சே கிடையாது. சாமான் லிஸ்ட் எதுல இருக்கு, யார்யார் உங்களுக்குத் தரணும், நீங்க சப்ளையருக்கு எவ்வளவு தரணும், பேங்க்ல எவ்வளவு, இந்த நாலும்தான் ஓப்பனிங் பேலன்ஸ். இதை எந்தத் தேதில ஏத்தறதுன்னு போன்லயே முடிவு பண்ணிடுவேன்.

அந்தத் தேதி காலாண்டோட முதல் நாளா இருக்கணும். பாதி காலாண்டுல மாறினா, ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு பாதி விற்பனை நோட்டுலயும் பாதி சாஃப்ட்வேர்லயும் கிடக்கும், ரெண்டையும் கூட்டி உக்காந்து முழிப்பாரு, பழி நம்ம சாஃப்ட்வேர் மேல. மார்ச்சோட முடியறவருக்கு ஏப்ரல் 1. அதுக்கு முந்தின நாள் ராத்திரி ஸ்டாக் எண்ணணும். அதனால வெபினாரையே மார்ச் முதல் வாரத்துல வச்சுக்கறேன், ஏத்தற வேலைக்கு மூணு வாரம் கிடைக்கும். ஏப்ரல் கடைசில வச்சா, மாசம் முடியறதுக்குள்ள ரிட்டர்ன் போடணுமேன்னு அவர் நம்மள திரும்பிக்கூட பாக்கமாட்டார்.

விலைக்கு முன்னாடியே போனவங்களுக்கு ரெக்கார்டிங் முழுசா அனுப்பாதீங்க. பில் போடற அந்த நாலு நிமிஷத் துண்டு மட்டும்.

வராதவங்க

ஒரு மெசேஜ், அடுத்த தேதி, அவ்வளவுதான்.

தம்பிக்கு இதெல்லாம் சொன்னேன். "அப்ப 40 ஸ்லைடை என்னண்ணே பண்றது?"ங்கறாரு.