‘நில்லு’ன்னா அதட்டல் இல்லை: பாலக்காட்டுப் பக்கம் கவனிக்க

வாளையார் தாண்டியதும் ஏவல் சொற்களின் சூடு மாறிவிடும். கடைக்காரர் “ஒந்நு நிக்கூ” என்றால் நம் காதுக்கு “நில்லு!” என்ற அதட்டல் போல விழும். மலையாளத்தில் அது “கொஞ்சம் பொறுங்க” என்பதுதான். ‘ஒந்நு’ இங்கே எண்ணிக்கை அல்ல, நம் ‘கொஞ்சம்’ போலக் கட்டளையை மென்மையாக்கும் சொல். நாம் பதிலுக்கு “இருங்க” என்றால் அவர் உட்காரச் சொல்வதாக எடுத்துக்கொள்ளக்கூடும், ஏனென்றால் அங்கே ‘இரிக்கூ’ என்றால் உட்காருங்கள்.

அதிகம் சறுக்குவது ‘வாங்க’ என்பதில். மலையாளத்தில் வினையோடு மரியாதைக்கு ‘ங்க’ சேர்ப்பதில்லை. ‘வாங்ஙு’ என்றால் பொருளை வாங்கு. அதனால் அழைப்பு கொள்முதலாகக் கேட்கலாம். ‘வா’ நெருங்கியவர்களுக்கு மட்டும். தெரியாதவரிடம் ‘வரூ’ என்க.

அவசரப்படுத்த “வேகம் வா” என்பது கடுமை. “வேகம் வரணே” என்றால் கெஞ்சலாக இறங்கும். அந்தக் கடைசி ‘ஏ’தான் வேலை செய்கிறது, ‘வரணம்’ என்று நிறுத்தினால், சொல்லும் தொனியைப் பொறுத்து மரியாதையான அழைப்பாகவோ கண்டிப்பாகவோ ஆகும். அதை எப்போதும் கட்டாயமாகக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம்.