டாலர் விலையை மாற்றுவது எப்போது?

ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் தோல் பர்ஸ், பெல்ட் செய்து ஆன்லைனில் வெளிநாட்டுக்கு விற்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ரூபாய் விலையைக் கடை மென்பொருளே அன்றைய ரேட்டில் மாற்றிக் காட்டட்டும் என்று விட்டால், நேற்று 17.63 டாலர், இன்று 17.71 என்று பர்ஸ் விலை ஆடிக்கொண்டே இருக்கும். பார்க்கிறவருக்கு ஏதோ சந்தேகம்தான் வரும். ஒவ்வொரு நாணயத்துக்கும் விலையை நீங்களே நிலையாக வையுங்கள்.

உதாரணத்துக்கு, ஒரு பர்ஸுக்கு உங்கள் கைக்கு 1500 ரூபாய் வரவேண்டும், டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் 17.65. பணம் வாங்கித் தரும் நிறுவனத்தின் கட்டணம், நாணய மாற்றுக் கழிவு எல்லாம் சேர்த்து 5 சதவீதம் போகும் என்றால் 18.58 தேவை. அதை 19 ஆக்குங்கள். 18.99 போடுவதும் உண்டு, ஆனால் கைவேலைப் பொருளுக்கு முழு எண்தான் எடுப்பாக இருக்கும் என்பது என் எண்ணம். ஜப்பானிய யென்னில் பைசாவே கிடையாது, அங்கே புள்ளி வைத்த விலையே வேண்டாம்.

சரி, எப்போது மாற்றுவது? 19 டாலரில் கழிவு போக 18.05 மிஞ்சும், 1500-ஐ அதால் வகுத்தால் 83.10. டாலர் அதற்குக் கீழே இறங்கி இரண்டு மூன்று வாரம் அங்கேயே நின்றால் மட்டும் விலையைத் தொடுங்கள், மற்றபடி மாதம் ஒருமுறை ரேட்டைப் பார்த்தால் போதும். டாலர் ஏறினால் லாபம் உங்களுக்கு, அதற்காக அவசரப்பட்டு விலையைக் குறைக்க வேண்டியதில்லை.