கொட்டாங்குச்சிக் கரி சாயத்தை எவ்வளவு இழுக்கிறது? வீட்டிலேயே அளந்து பார்க்கலாம்

காங்கேயம், பல்லடம் பக்கம் தொட்டிக்கரி என்பார்கள், மற்ற ஊர்களில் கொட்டாங்குச்சிக் கரி, சிரட்டைக் கரி. கரி சுடுவது எளிது. அது நுண்துளைகள் திறந்து சாயத்தை நன்றாக இழுத்துப் பிடிக்கும் செறிவூட்டிய கரியாக மாறிவிட்டதா என்பதுதான் கேள்வி, ஏனென்றால் சாதாரணக் கரியும் அதுவும் கண்ணுக்கு ஒரே கறுப்புதான். மெத்திலீன் நீலம் என்கிற சாயத்தை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

கரி சுடுவது

நாரை நன்றாகச் சுரண்டி எடுத்த, காய்ந்த ஓடுகளைச் சிறு துண்டுகளாக உடைத்து, மூடி உள்ள பழைய தகர டப்பாவில் போடுங்கள். மூடியில் ஆணியால் ஒரே ஒரு ஓட்டை. வெளியே, திறந்த இடத்தில், விறகு நெருப்புக்கு நடுவில் டப்பாவை வையுங்கள் (கார்பன் மோனாக்சைடு வரும், அதனால் வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம்). ஓட்டை வழியாக முதலில் வெள்ளைப் புகை வரும், அப்புறம் அந்த வாயுவே தீப்பிடித்து எரியும். புகை சுத்தமாக நின்றால் கரி தயார். டப்பா முழுக்க ஆறும்வரை மூடியைத் திறக்காதீர்கள், சூட்டோடு காற்றுப் பட்டால் எல்லாம் சாம்பல்தான்.

ஆறிய கரியை உரலில் இடித்து, ஒரே சல்லடையில் சலித்து, இரண்டு பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கை அப்படியே வைத்துவிடுங்கள், ஒப்பிட அது வேண்டும்.

நுண்துளைகளைத் திறப்பது

ஆலைகளில் 800 டிகிரிக்கு மேல் நீராவியைச் செலுத்துவார்கள். நமக்கு அது முடியாது என்பதால் கால்சியம் குளோரைடு. 75 கிராம் தண்ணீரில் 25 கிராமை மெதுவாகக் கரையுங்கள், கரையும்போதே நன்றாகச் சூடாகும். இரண்டாவது பங்கு கரியை இதில் ஒரு நாள் ஊறவைத்து, வடித்து, காயவைத்து, அதே டப்பாவில் மூடி, டப்பா சிவக்கச் சிவக்க ஒரு மணி நேரம் சுடுங்கள். ஆறியதும் கழுவ வேண்டும். உப்பு போய்விட்டதா என்று பார்க்க, தண்ணீர் ஃபில்டர்காரர் கொண்டு வரும் டிடிஎஸ் மீட்டர் போதும்: கழுவிய தண்ணீரும் கழுவாத தண்ணீரும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டும்வரை கழுவுங்கள். மறுபடி நன்றாகக் காயவையுங்கள், ஈரம் இருந்தால் எடை பொய் சொல்லும்.

சாயத்தில் போடுவது

ஆய்வகப் பொருட்கள் கடையில் மெத்திலீன் நீலம் தூளாகவே வாங்குங்கள். மீன் தொட்டிக்கு விற்கும் திரவம் வேண்டாம், எவ்வளவு சாயம் இருக்கிறது என்று நம்ப முடியாது. கையுறை போடுங்கள், கறை லேசில் போகாது. 1 கிராம் தூளை 1 லிட்டர் தண்ணீரில் கரைத்தால் அதுதான் மூலக் கரைசல். அதில் 50 மில்லி எடுத்து 500 மில்லியாக்கினால் லிட்டருக்கு 100 மில்லிகிராம் சாயம். இப்படி மூன்று பாட்டில். ஒன்றில் அரை கிராம் சாதாரணக் கரி, இன்னொன்றில் அரை கிராம் செறிவூட்டிய கரி, மூன்றாவதில் எதுவும் இல்லை. கரியை அள்ளிப் போட்டுவிட்டால் இரண்டு பாட்டிலுமே தெளிந்துவிடும், எது சிறந்தது என்று சொல்ல வழியிருக்காது. அதனால்தான் இவ்வளவு குறைவாக.

ஒரு மணி நேரம் அடிக்கடி குலுக்கி, இரவு முழுக்க அசையாமல் வைத்து, மேலே தெளிந்ததை ஊசியில்லாத சிரிஞ்சால் எடுங்கள். வடிகட்டும் தாள், பஞ்சு, துணி எதிலும் வடிக்காதீர்கள். இந்தச் சாயம் பருத்தியிலும் தாளிலும் ஒட்டிக்கொள்ளும். தாள் பிடித்துக்கொண்ட நீலத்தையெல்லாம் நாம் கரியின் கணக்கில் எழுதிவிடுவோம்.

அளப்பது

ஒரே மாதிரி ஐந்து கண்ணாடி டம்ளர்களில் 0.2, 0.4, 0.6, 0.8, 1 மில்லி மூலக் கரைசல் விட்டு, ஒவ்வொன்றையும் 100 மில்லியாக்குங்கள். இவை லிட்டருக்கு 2, 4, 6, 8, 10 மில்லிகிராம். இனி பாட்டிலிலிருந்து எடுத்ததில் 10 மில்லியை 100 மில்லியாக்கி, அதே மாதிரி டம்ளரில் ஊற்றி, அடியில் வெள்ளைத் தாள் வைத்து மேலிருந்து பாருங்கள். எந்த டம்ளரோடு நிறம் பொருந்துகிறதோ, அந்த எண்ணைப் பத்தால் பெருக்குங்கள். கல்லூரியில் கலரிமீட்டர் கிடைத்தால் 660 நானோமீட்டர் பக்கம் வைத்து அளக்கலாம், அது இன்னும் துல்லியம்.

செறிவூட்டிய கரி 4-ஆம் எண்ணோடு பொருந்தியது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 40, போனது 60, அதாவது 60 சதவீதம். அரை லிட்டரில் 30 மில்லிகிராம் சாயத்தை அரை கிராம் கரி பிடித்திருக்கிறது, கிராமுக்கு 60 மில்லிகிராம். சாதாரணக் கரி 8-இல் நின்றால் அது 20 சதவீதம்தான், நீங்கள் செய்த செறிவூட்டல் வேலை செய்திருக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் நின்றால் பெரும்பாலும் சூடு போதவில்லை.

கரி போடாத பாட்டில் 10-இல் நிற்க வேண்டும். அது 9-க்கு இறங்கியிருந்தால் பாட்டிலின் சுவர் கொஞ்சம் சாயத்தை எடுத்திருக்கிறது, மற்ற இரண்டின் கணக்கையும் 100-இலிருந்து இல்லாமல் 90-இலிருந்து தொடங்குங்கள்.