12 மாத இடைவெளிக்கு 18 மாதப் பணம்: வேலைக்கு இடைவெளி விடுவோர் செய்யும் தவறுகள்

வேலையை விட்டுவிட்டு ஓராண்டு படிக்கவோ, பெற்றோரைப் பார்த்துக்கொள்ளவோ, உடலைத் தேற்றிக்கொள்ளவோ நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள். மாதச் செலவை 12 ஆல் பெருக்கி, அந்தத் தொகை வங்கியில் சேர்ந்ததும் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிடுகிறார்கள். இவர்களில் பலர் திரும்பி வரும்போது பழைய சம்பளத்தைவிடக் குறைவாக வாங்குகிறார்கள். பழியை இடைவெளியின் மீது போடுகிறார்கள். பத்தாவது மாதத்தில் பணம் கரைந்து, முதலில் வந்த வேலையை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்ததே உண்மையான காரணம் என்பது என் கருத்து. வேலை தேடும் மாதங்களுக்குப் பணம் ஒதுக்காததே முதல் தவறு. சம்பளத்தை அதிகம் தின்பதும் அதுதான்.

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 9 ஆண்டுகள் வேலை செய்த ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். ஆண்டுச் சம்பளம் 24 லட்சம். வரியும் பி.எஃப்.பும் போக மாதம் சுமார் 1.63 லட்சம் கைக்கு வருகிறது. செலவு எவ்வளவு என்று கேட்டால் 75,000 என்பார். வீட்டுக் கடன் இ.எம்.ஐ., மளிகை, பெட்ரோல், மின்கட்டணம் எல்லாம் அதில் அடக்கம். ஆனால் பிள்ளையின் பள்ளிக் கட்டணம், வாகனக் காப்பீடு, சொத்து வரி, தீபாவளிச் செலவு, வீட்டு விசேஷங்களுக்கு வைக்கும் மொய் ஆகியவை அந்த 75,000இல் இல்லை. இவை ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ வருவதால் நினைவில் நிற்பதில்லை. சேர்த்துப் பார்த்தால் ஆண்டுக்கு 2.4 லட்சம், அதாவது மாதம் 20,000. ஆக உண்மையான செலவு 95,000. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, கடந்த 12 மாத வங்கி அறிக்கையில் வெளியே போன மொத்தத் தொகையிலிருந்து சேமிப்புக்குப் போனதைக் கழித்து, 12 ஆல் வகுப்பது. நினைவிலிருந்து எழுதும் பட்டியலை நம்பக் கூடாது.

95,000ஐ 12 ஆல் அல்ல, வேலை தேட ஆறு மாதம் சேர்த்து 18 ஆல் பெருக்குங்கள். 17.1 லட்சம் வரும். படிப்புக்கோ பயணத்துக்கோ 2 லட்சம், அவசரத்துக்குத் தொடாத 3 லட்சம் என்று சேர்த்தால் சுமார் 22 லட்சம். இவருக்குக் கிராஜுவிட்டி எனப்படும் பணிக்கொடை வரும். அடிப்படைச் சம்பளம் ஒரு லட்சம் என்றால் அதை 26 ஆல் வகுத்து, 15 ஆலும் 9 ஆண்டாலும் பெருக்க, சுமார் 5.19 லட்சம். மீதி 17 லட்சத்தைச் சேர்க்க மாதம் 48,000 வீதம் 3 ஆண்டுகள் போதும். 95,000 செலவு போக அது அவர் கையில் மிஞ்சும் தொகைக்குள்தான் இருக்கிறது. பணிக்கொடை வேலையை விட்ட 30 நாட்களுக்குள் தரப்பட வேண்டும் என்பது சட்டம். ஆனாலும் முதல் மூன்று மாதச் செலவுக்கு அதை நம்பியிருக்க வேண்டாம்.

இவ்வளவு கவனமாகச் சேர்த்த பணத்தைப் பங்குச்சந்தையில் வைத்திருப்பது அடுத்த தவறு. 2020 ஜனவரியில் உச்சத்தில் இருந்த நிஃப்டி, மார்ச் 23க்குள் 38 சதவீதம் சரிந்தது. அந்த மார்ச்சில் பங்குப் பரஸ்பர நிதியை விற்று இ.எம்.ஐ. கட்ட நேர்ந்தவர்களை எண்ணிப் பாருங்கள். வேலையில் இருப்பவர் சந்தை மீளும்வரை காத்திருப்பார். சம்பளம் இல்லாதவரால் அது முடியாது. ஆறு மாதச் செலவைச் சேமிப்புக் கணக்கிலும், மீதியை மூன்று மாதத்துக்கு ஒன்றாக முதிரும் நிரந்தர வைப்புகளிலும் வைத்தால் போதும். வட்டி குறைவு என்று வருந்த வேண்டியதில்லை, இந்தப் பணத்தின் வேலை பெருகுவதல்ல.

வெளியேறும் தேதி

தேதி விஷயத்தில் இழக்கும் தொகை பெரிது. பலரும் நிதியாண்டு முடியட்டும் என்று மார்ச் 31 அன்று வெளியேறி, ஏப்ரல் முதல் அடுத்த மார்ச் வரை இடைவெளி எடுக்கிறார்கள். நம் நண்பருக்கு அது என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

2025-26 நிதியாண்டில் வந்த புதிய வரி முறையின் அடுக்குகளின்படி, 24 லட்சம் சம்பளத்தில் நிலைக்கழிவு 75,000 போக மீதிக்கு வரி, கூடுதல் வரியோடு சேர்த்து 2,92,500. அதே முறையில், வரிக்குரிய வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாதவருக்குத் தள்ளுபடி காரணமாக வரியே இல்லை. ஏப்ரல் முதல் மார்ச் வரை இடைவெளி எடுப்பவர் ஓர் ஆண்டு முழுச் சம்பளம் வாங்கி 2,92,500 கட்டுகிறார், மறு ஆண்டு சம்பளமும் இல்லை, வரியும் இல்லை. அதற்குப் பதிலாகச் செப்டம்பர் 30 அன்று வெளியேறி அடுத்த அக்டோபரில் திரும்பினால், இரண்டு நிதியாண்டுகளிலும் தலா 12 லட்சம் சம்பளம். இரண்டிலும் வரி இல்லை. இடைவெளியின் நீளமும் மொத்தச் சம்பளமும் மாறவில்லை. ஆனால் கையில் நிற்கும் தொகை ஏறத்தாழ மூன்று லட்சம் கூடுகிறது. நம் நண்பருக்கு அது மூன்று மாதக் குடும்பச் செலவு.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். வைப்புத்தொகை வட்டியும் வருமானமே. அது சேர்ந்து 12 லட்சத்தைச் சற்றுத் தாண்டினால், தாண்டிய தொகை அளவுக்குத்தான் வரி வரும், பயப்பட வேண்டாம். மற்றொன்று, ஆண்டு முழுவதும் வேலையில் இருப்பீர்கள் என்ற கணக்கில் நிறுவனம் ஏப்ரலிலிருந்தே வரி பிடித்திருக்கும். வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தால்தான் அந்தப் பணம் திரும்பி வரும்.

செப்டம்பருக்கு இன்னொரு நன்மையும் உண்டு. பல நிறுவனங்களில் ஊதிய உயர்வும் ஊக்கத்தொகையும் ஏப்ரல் முதல் ஜூலைக்குள் வருகின்றன. ஊக்கத்தொகை வழங்கும் நாளில் பணியில் இருப்பவர்களுக்கு மட்டுமே அது என்ற விதி பல இடங்களில் உண்டு. ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டவருக்கு உயர்வு கிடைப்பதும் அரிது. எனவே உயர்வு ஏறிய சம்பளச் சீட்டு கைக்கு வந்த பிறகு கடிதம் கொடுங்கள். நோட்டீஸ் காலம் மூன்று மாதம் என்றால் கணக்கைப் பின்னோக்கிப் போட்டு, ஜூன் இறுதியில் கடிதம் போக வேண்டும். உங்கள் நிறுவனத்தில் உயர்வு ஜூலையில்தான் வருமென்றால் ஒரு மாதம் தள்ளிப் போங்கள். திரும்பி வரும்போது எச்.ஆர். கேட்கப்போவது அந்தக் கடைசிச் சீட்டைத்தான்.

காப்பீடும் பி.எஃப்.பும்

நிறுவனம் தந்த குழு மருத்துவக் காப்பீடு பொதுவாகக் கடைசி வேலை நாளோடு முடிகிறது. பெற்றோர் அதில் இருந்தால் அவர்களுக்கும் முடிகிறது. வேலையை விட்ட பிறகு தனிக் காப்பீடு எடுத்தால், விபத்து தவிர மற்ற சிகிச்சைகளுக்கு முதல் 30 நாட்கள் பணம் கிடைக்காது. கண்புரை, குடலிறக்கம் போன்றவற்றுக்கு இன்னும் நீண்ட காத்திருப்பு உண்டு. ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்தக் கொதிப்பு போன்ற நோய்களுக்கு 3 ஆண்டுகள் வரை காத்திருக்க நேரலாம். பணம் சேர்க்கும் 3 ஆண்டுகளின் முதல் மாதத்திலேயே தனிக் காப்பீட்டையும் எடுத்துவிட்டால், வேலையை விடும் நாளில் காத்திருப்புக் காலம் முடிந்திருக்கும். அதைத் தவறவிட்டவர்கள், குழுக் காப்பீட்டிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிக் காப்பீட்டுக்கு மாற முடியுமா என்று வெளியேறும் முன்பே எழுத்தில் கேட்க வேண்டும். மாற முடிந்தால் ஏற்கெனவே கழிந்த காத்திருப்புக் காலம் வீணாகாது.

பி.எஃப். பணத்தை எடுக்காமல் விடுவது நல்லது. வேலை இல்லாத காலத்திலும் அதற்கு வட்டி வரும். பலர் கவனிக்காதது அதனுடன் சேர்ந்த ஓய்வூதியப் பகுதி. ஓய்வூதியம் பெற 10 ஆண்டுப் பணிக்காலம் தேவை. நம் நண்பர் 9 ஆண்டு முடித்தவர். அதில் இருப்பதை எடுத்துவிட்டால் அந்த 9 ஆண்டும் கணக்கிலிருந்து போய்விடும், புதிய வேலையில் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். எடுக்காமல் விட்டு, புதிய நிறுவனத்தில் அதே யு.ஏ.என். எண்ணைக் கொடுத்தால் தொடர்ந்து எண்ணப்படும். 2014 செப்டம்பருக்குப் பின், 15,000 ரூபாய்க்கு மேல் அடிப்படைச் சம்பளத்தில் முதன்முறையாகச் சேர்ந்தவர்கள் இந்தத் திட்டத்தில் இருக்க மாட்டார்கள். பி.எஃப். பாஸ்புக்கில் ஓய்வூதியப் பகுதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும்போது

இடைவெளி முழுதும் முடிந்த பிறகு தேடத் தொடங்குவது தவறு. விண்ணப்பம், நேர்காணல் சுற்றுகள், சம்பளப் பேச்சு, பின்னணிச் சரிபார்ப்பு என்று மூன்று, நான்கு மாதம் எளிதில் ஓடிவிடும். ஒன்பதாவது மாதம் தொடங்கினால் 12ஆம் மாதத்தில் கையில் ஓரிரு வாய்ப்புகள் இருக்கும், அதற்குப் பிறகும் ஆறு மாதப் பணம் மீதமிருக்கும். மூன்று மாத நோட்டீஸில் இருப்பவர்களுக்கு நடுவே, அடுத்த வாரமே சேரக்கூடியவர் நீங்கள். இதை விண்ணப்பத்தின் முதல் வரியில் எழுதலாம், ஆனால் சம்பளப் பேச்சில் அவசரம் காட்டக் கூடாது.

அந்த ஆறு மாதப் பணத்தின் மதிப்பை எண்களில் பார்க்கலாம். நம் நண்பருக்கு 12ஆம் மாதத்தில் 18 லட்சத்துக்கு ஒரு வேலை வருகிறது. பணம் தீர்ந்திருந்தால் ஏற்றுக்கொள்வார். அதன்பின் உயர்வுகள் எல்லாம் 18இன் மீது சதவீதமாகவே வரும். ஆண்டுக்கு 10 சதவீத உயர்வு என்று வைத்தால், 24இல் தொடங்கியிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட ஐந்தாண்டுகளில் சுமார் 36.6 லட்சம் குறைவாகப் பெற்றிருப்பார். இன்னும் மூன்று மாதம் பொறுத்திருக்க ஆகும் செலவு 2.85 லட்சம். மூன்று மாதத்தில் 24 லட்சம் கிடைத்தே தீரும் என்று யாரும் உறுதி தர முடியாது, 22 கிடைத்தாலும் இந்தப் பொறுமைக்குப் பலன் உண்டு.

இடைவெளியைப் பற்றிக் கேட்டால் நீண்ட விளக்கம் வேண்டாம். எப்போது தொடங்கியது, எதற்காக, எப்போது முடிந்தது என்று இரண்டு வாக்கியம் போதும். பிறகு அந்த ஆண்டில் செய்த ஒரு வேலையைக் காட்டுங்கள். முடித்த ஒரு திட்டமோ, ஒரு சிறு நிறுவனத்துக்குச் செய்துகொடுத்த பணியோ இருந்தால், பேச்சு இடைவெளியிலிருந்து திறமைக்கு நகரும். குறைந்த பதவியில் சேர்ந்து பிறகு ஏறலாம் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். பதவியின் படிநிலைதான் ஊதிய வரம்பைத் தீர்மானிக்கிறது, அதில் இறங்கிவிட்டால் ஏற ஆண்டுகள் ஆகும். சம்பளத்தில் சற்று விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும் என்றால், பழைய படிநிலையிலேயே சேர்ந்து, ஆறு மாதத்தில் ஊதிய மறுஆய்வு உண்டு என்ற வரியைப் பணி நியமனக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்ன எச்.ஆர். அந்த ஆறு மாதத்துக்குள் வேறு நிறுவனத்துக்குப் போயிருக்கலாம்.